புராட்டஸ்டன்ட் அறமும் முதலாளித்துவமும்: வெபரின் வாதம் எங்கே நிற்கிறது, எங்கே ஆடுகிறது

கேள்வி: எம்.ஏ. சமூகவியலில் மதச் சமூகவியல் தாள் எடுத்திருக்கிறேன். புராட்டஸ்டன்ட் மதம்தான் முதலாளித்துவத்தை உண்டாக்கியது என்று மாக்ஸ் வெபர் சொன்னதாக வகுப்பில் கேட்டேன். ஆனால் லூத்தருக்கு முன்பே இத்தாலியில் வங்கிகள் இருந்தனவே? வெபர் உண்மையில் என்ன சொன்னார், முக்கியமான விமர்சகர்கள் யார், அவர்கள் சொல்வது சரியா? கட்டுரை எழுத வேண்டும். கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பதில்:

வகுப்பில் கேட்ட அந்த வாக்கியத்தை முதலில் கட்டுரையிலிருந்து எடுத்துவிடுங்கள். புராட்டஸ்டன்ட் மதம் முதலாளித்துவத்தை உண்டாக்கியது என்று வெபர் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது முட்டாள்தனம் என்று அவரே எழுதியிருக்கிறார். 1904, 1905 ஆண்டுகளில் இரண்டு நீண்ட கட்டுரைகளாக வெளிவந்து, 1920இல் நிறைய அடிக்குறிப்புகளோடு திருத்தப்பட்ட ‘புராட்டஸ்டன்ட் அறமும் முதலாளித்துவ உணர்வும்’ என்ற அந்த நூல் கேட்கும் கேள்வி இதைவிட மிகச் சிறியது. பணம் சேர்ப்பதையே வாழ்நாள் கடமையாக, ஒரு ஒழுக்கமாக, மனிதர்கள் எப்படி எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள் என்பதுதான் அந்தக் கேள்வி.

பேராசை எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்தது. அதை விளக்க மதம் தேவையில்லை. ஆக்ஸ்பர்க் நகரத்து யாக்கோப் ஃபுக்கரை வெபர் எடுத்துக்காட்டுகிறார். கத்தோலிக்கர், பேரரசருக்கே கடன் கொடுத்தவர். சம்பாதித்தது போதும், ஒதுங்கிக்கொள்ளலாம் என்று கூட்டாளி ஒருவர் சொன்னபோது, முடிகிற வரைக்கும் சம்பாதிப்பேன் என்றார் அவர். இது துணிச்சல், வியாபார வெறி. இதற்கு எதிரே வெபர் நிறுத்துவது பெஞ்சமின் ஃபிராங்க்ளினை. நேரம்தான் பணம், கடனைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடு, காலை ஐந்து மணிக்கு உன் சுத்தியல் சத்தம் கடன் கொடுத்தவன் காதில் விழட்டும் என்று 1748இல் ஓர் இளம் தொழில்காரனுக்கு ஃபிராங்க்ளின் புத்தி சொல்கிறார். இங்கே பணம் சேர்க்காமல் இருப்பது வெறும் அசட்டுத்தனம் இல்லை, கடமை தவறுவது. தீவிர கால்வினியரான, அதாவது ஜெனீவாவின் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் வழி வந்தவரான, தன் தகப்பனார் சின்ன வயதில் திரும்பத் திரும்பச் சொன்ன வசனம் என்று ஃபிராங்க்ளின் நினைவுகூர்வது நீதிமொழிகள் 22:29: “தன் வேலையில் ஜாக்கிரதையாயிருக்கிற மனுஷனை நீ கண்டால், அவன் நீசருக்கு முன்பாக நில்லாமல், ராஜாக்களுக்கு முன்பாக நிற்பான்.”

இந்த மனநிலை மனிதனுக்கு இயல்பானதில்லை என்பதைக் காட்ட வெபர் ஒரு கூலிக்கணக்குச் சொல்கிறார். புல்லறுக்கும் ஒருவனுக்கு ஒரு மோர்கன் நிலத்துக்கு (அது பழைய ஜெர்மானிய நில அளவு) ஒரு மார்க் கூலி. அவன் நாளைக்கு இரண்டரை மோர்கன் அறுத்து இரண்டரை மார்க் வாங்குகிறான். அறுவடை சீக்கிரம் முடியட்டும் என்று முதலாளி கூலியை ஒன்றேகால் மார்க்காக உயர்த்துகிறார். அவன் இரண்டே மோர்கன் அறுத்து, அதே இரண்டரை மார்க்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். எவ்வளவு அதிகம் சம்பாதிக்கலாம் என்று அவன் யோசிக்கவில்லை. வழக்கமான தேவைக்கு எவ்வளவு உழைத்தால் போதும் என்றுதான் யோசித்தான். வெபர் இதை ‘மரபுவாதம்’ என்கிறார். உலகின் பெரும்பகுதி உழைத்தது இப்படித்தான், வியாபாரிகளும் பெரும்பாலும் இப்படித்தான். இதை உடைத்தது எது என்பதுதான் விஷயம்.

உங்கள் இத்தாலி வங்கிக் கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஃபிளாரன்சில் வங்கி இருந்தது, வெனிசில் இரட்டைப் பதிவுக் கணக்கு இருந்தது. வெபருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். இடைக்கால வணிகக் கூட்டு நிறுவனங்களைப் பற்றித்தான் அவர் தன் முனைவர் பட்ட ஆய்வையே எழுதினார். நிறுவனம் இருப்பது வேறு, அந்த மனநிலை இருப்பது வேறு என்பதே அவர் நிலை. ஜெர்மானியப் பொருளியலாளர் வெர்னர் சோம்பார்ட் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸ்காரரான ஆல்பர்ட்டி குடும்ப நிர்வாகம் பற்றி எழுதிய நூலில் ஃபிராங்க்ளின் சொல்வது அத்தனையும் இருக்கிறதே என்று கேட்டார். 1920 பதிப்பில் வெபர் இதற்கு ஒரு நீண்ட அடிக்குறிப்பில் பதில் சொன்னார். ஆல்பர்ட்டி சொல்வது உலக அனுபவத்திலிருந்து வந்த புத்திமதி. கேட்பவன் கேட்கலாம், விடலாம். கேட்காவிட்டால் ஆத்துமாவுக்கு ஒன்றும் ஆகாது. புத்திமதி நடத்தையை மாற்றாது, ரட்சிப்பைப் பணயம் வைத்தால்தான் மாற்றும் என்பது வெபரின் எண்ணம். அந்த அடிக்குறிப்பை அவசியம் படியுங்கள். வாதத்தின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது.

சரி, ரட்சிப்பு எப்படிப் பணயமானது? வாதத்தை நான்கு கண்ணிகள் உள்ள சங்கிலியாகப் பாருங்கள். எந்த விமர்சகர் எந்தக் கண்ணியை இழுக்கிறார் என்பது அப்போதுதான் தெளிவாகும்.

முதல் கண்ணி கோட்பாடு. யார் ரட்சிக்கப்படுவார், யார் தள்ளப்படுவார் என்பதைக் கடவுள் உலகத் தோற்றத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டார். மனிதன் செய்யும் எதுவும் அதை மாற்றாது. இதைத்தான் முன்குறித்தல் என்கிறார்கள். கால்வினிடம் இருந்த இந்தப் போதனையை 1647இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை வரிவரியாக எழுதிவைத்தது. இரண்டாவது கண்ணி பதற்றம். கத்தோலிக்கனுக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டு, குருவானவரின் பாவமன்னிப்பு உண்டு. தவறுவதும் மீள்வதுமாக வாழ்க்கை ஓடும். கால்வினியருக்கு அந்த வழி அடைபட்டது. நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்ற கேள்வியோடு அவர் தனியாக நின்றார். கால்வினுக்குத் தன்னைப் பற்றிச் சந்தேகம் இல்லை. சாதாரண விசுவாசிக்கு அந்த உறுதி எங்கிருந்து வரும்?

மூன்றாவது கண்ணி போதகர்கள் கொடுத்த மருந்து. “உங்கள் அழைப்பையும் தெரிந்துகொள்ளுதலையும் உறுதியாக்கும்படி ஜாக்கிரதையாயிருங்கள்” என்கிறது 2 பேதுரு 1:10. சந்தேகத்தைச் சோதனையாக எண்ணித் தள்ளு, ஓயாமல் உன் வேலையைச் செய் என்று ஆலோசனை சொன்னார்கள். நற்செயல் ரட்சிப்பை வாங்கித் தராது, ஆனால் ரட்சிக்கப்பட்டவன் என்பதற்கு அடையாளமாகலாம். அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமான நற்செயல் போதாது. எழுவது முதல் படுப்பது வரை முழு வாழ்க்கையும் ஒழுங்குபட்டிருக்க வேண்டும். கிடர்மின்ஸ்டரில் போதகராக இருந்த ரிச்சர்ட் பாக்ஸ்டர்தான் இங்கே வெபரின் முக்கிய சாட்சி. ஆத்துமாவுக்குக் கேடில்லாமல் நியாயமான முறையில் அதிக லாபம் தரும் வழியைக் கடவுள் காட்டும்போது, அதை விட்டுக் குறைந்த லாபத்தைத் தேர்ந்தால் உன் அழைப்பின் நோக்கத்தையே மீறுகிறாய் என்று அவர் எழுதினார். நான்காவது கண்ணி விளைவு. உழைக்க வேண்டும், செலவழித்து அனுபவிக்கக் கூடாது என்றால் மிச்சமாகும் பணம் மறுபடி தொழிலுக்குத்தான் போகும். இது எவரும் விரும்பித் திட்டமிட்டதில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியே, செல்வம் பெருகும் இடத்தில் பக்தி குறைகிறது, ஆனால் பக்தி இயல்பாகவே உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பித்து அதன் வழியே செல்வத்தைக் கொண்டுவருகிறது என்று வருந்தினார். வெபர் அதை முழுதாக மேற்கோள் காட்டுகிறார்.

இனி விமர்சகர்கள். வெபர் தன் கட்டுரையைத் தொடங்கிய இடத்திலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. பாடன் மாநிலத்தில் புராட்டஸ்டன்ட்டுகள் தொழிலிலும் நவீனக் கல்வியிலும் கத்தோலிக்கர்களை முந்தியிருந்தார்கள் என்று, தன் மாணவர் மார்ட்டின் ஓஃபன்பாஹரின் ஆய்விலிருந்து ஒரு பள்ளிக்கூட அட்டவணை தருகிறார். ஸ்வீடன் பொருளாதார வரலாற்றாளர் குர்ட் சாமுவெல்சன் 1957இல் அதைக் கூட்டிப் பார்த்தார். ஒரு பள்ளி வகையில் புராட்டஸ்டன்ட் 69 சதவீதம், கத்தோலிக்கர் 31, யூதர் 9 என்றிருந்தது. கூட்டினால் 109! அந்த 69 உண்மையில் 59 ஆக இருந்திருக்க வேண்டும். அதோடு, அந்தப் பள்ளிகள் இருந்த பகுதிகளில் புராட்டஸ்டன்ட் மக்கள்தொகையே அதிகம் என்பதைக் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்றும் அவர் காட்டினார். இது நியாயமான அடிதான். ஆனால் விழுவது முகப்பில். மேலே சொன்ன நான்கு கண்ணிகளில் ஒன்றுகூட பத்தொன்பதாம் நூற்றாண்டு பாடன் மாநிலத்தை நம்பியில்லை. சாமுவெல்சனை மட்டும் வைத்துக்கொண்டு வெபர் தீர்ந்தார் என்று எழுதும் விடைத்தாள்கள் நிறைய வருகின்றன, அதனால் சொல்கிறேன்.

ஆங்கிலேயப் பொருளாதார வரலாற்றாளர் ஆர். எச். டாவ்னி 1926இல் எழுப்பிய கேள்வி இதைவிட ஆழமானது, அது காலத்தைப் பற்றியது. வெபரின் சாட்சிகள் பெரும்பாலும் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவர்கள். பாக்ஸ்டரின் பெரிய கையேடு அச்சானது 1673இல். அதற்குள் ஆம்ஸ்டர்டாமும் லண்டனும் பெரிய வணிக நகரங்களாகிவிட்டன. அப்படியானால் இங்கிலாந்தின் தீவிரக் கால்வினியர்களான பியூரிட்டன்களின் போதகர் வியாபாரிகளை உருவாக்கினாரா, அல்லது வியாபாரிகள் நிறைந்த சபை போதகரின் பேச்சை மாற்றியதா? டாவ்னியின் பதில், இரண்டும் நடந்தது, ஆனால் இரண்டாவதுக்கு வெபர் போதிய இடம் தரவில்லை என்பது. கால்வினின் ஜெனீவாவில் சபையும் நகர மன்றமும் விலையை, வட்டியை, கடைக்காரரின் நடத்தையைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தன. தனிமனிதன் தன் லாபத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்ற குரல் அங்கே இல்லை. அந்தக் கூட்டுக் கட்டுப்பாடு தளர்ந்து, தனிமனித ஒழுக்கம் மட்டும் மிஞ்சியது பிற்பாடுதான்.

இதற்கு ஒரு ஆளை எடுத்துப் பார்ப்போம், ஏனென்றால் இந்த விவாதத்தில் மனிதர்கள் மறைந்து கோட்பாடு மட்டும் மிஞ்சுவது அடிக்கடி நடக்கிறது. ராபர்ட் கெய்ன் என்பவர் விண்ட்சரில் ஒரு கசாப்புக்காரரின் மகனாக 1595இல் பிறந்து, லண்டனில் வியாபாரம் கற்று, 1635இல் பாஸ்டன் போனவர். அசல் பியூரிட்டன், பிரசங்கங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்பவர். இறக்குமதிப் பொருள்களை விற்றுச் செழித்தார். 1639இல் அதிக விலைக்கு விற்றார் என்று மாசசூசெட்ஸ் பொது நீதிமன்றம் அவர்மேல் வழக்கெடுத்தது. ஷில்லிங்குக்கு ஆறு பென்சுக்கு மேல், அதாவது ஐம்பது சதவீதத்துக்கு மேல் லாபம் வைத்தார், சில சின்னப் பொருள்களில் இரட்டிப்பு வைத்தார் என்பது குற்றச்சாட்டு. 200 பவுண்ட் அபராதம் விதித்தார்கள். பிறகு அது குறைக்கப்பட்டது. சபையும் அவரைச் சும்மா விடவில்லை. எல்லார் முன்னாலும் நின்று, கண்ணீரோடு, தன் பேராசையை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதை ஆளுநர் ஜான் வின்த்ராப் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்து ஜான் காட்டன் போதகர் பிரசங்கித்தார். முடிந்த அளவு மலிவாக வாங்கி முடிந்த அளவு விலை ஏற்றி விற்கலாம் என்பது பொய்க் கொள்கை என்றார்.

கால்வினியத்தின் வலிமையான கோட்டையில், அது உச்சத்தில் இருந்தபோது, திறமையான ஒரு வியாபாரிக்கு நடந்தது இது. வெபரின் மூன்றாவது கண்ணி உண்மையானால் சபை அவரைப் பாராட்டியிருக்க வேண்டாமா? டாவ்னி பக்கம் இது வலுவான சாட்சி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவமானம் கெய்னை விட்டுப் போகவே இல்லை. 1653இல் உயில் எழுத உட்கார்ந்தவர் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். ஏறக்குறைய முழுவதும் தன் தரப்பு நியாயம். தான் சோம்பேறியாக வாழவில்லை, நேரத்தை வீணாக்கவில்லை, தன் கணக்குப் புத்தகங்களே அதற்குச் சாட்சி என்று வாதாடுகிறார். சேர்த்த சொத்தை பாஸ்டன் நகர மாளிகைக்கும் ஏழைகளுக்கும் கொடுக்கிறார். இந்த மனிதரின் உள்ளே வெபர் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. கணக்குப் புத்தகத்தைக் கடவுளுக்கு முன் நீட்டுகிற மனம் அது. சபை அவருக்குச் சொல்லித் தந்த ஒழுங்கும் சபை அவருக்கு விதித்த தண்டனையும் ஒரே மதத்திலிருந்து வந்தவை. வெபர் முதலாவதை மட்டும் பார்த்தார், டாவ்னி இரண்டாவதை அழுத்தினார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கட்டுரையில் ஒரே ஒரு உதாரணத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் நான் கெய்னைத்தான் எடுப்பேன்.

இரண்டாவது கண்ணியான பதற்றத்துக்கு வருவோம். வெபர் இதற்கு நேரடி ஆதாரம் மிகக் குறைவாகவே தருகிறார். போதகர்களின் கையேடுகளைப் படித்து, படித்தவர்கள் மனதில் இப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கிறார். மால்கம் மெக்கின்னன் 1988இல் இங்கேதான் கத்தி வைத்தார். பிற்காலக் கால்வினியப் போதகர்கள், மனதார விரும்பி வேண்டுபவனுக்கு ரட்சிப்பின் உறுதி கிடைக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். ஆகவே தீராத பதற்றம் என்பதே இல்லை. அவர்கள் கேட்ட செயல்களும் ஜெபம், சுயசோதனை போன்ற ஆன்மிகச் செயல்கள்தான், கடை நடத்துவது இல்லை என்றார். டேவிட் ஸாரெட் மறுத்தார். மெக்கின்னன் போதகர்களின் நூல்களைத் தனக்கு ஏற்றபடி பொறுக்கி வாசித்தார், பதற்றம் விசுவாசிகளின் சொந்த எழுத்துகளில் அப்பட்டமாக இருக்கிறது என்பது அவர் பக்கம்.

இதில் ஸாரெட் சொல்வதே சரி என்பேன், நெகேமியா வாலிங்டன் என்ற ஒருவரை வைத்து. லண்டன் ஈஸ்ட்சீப்பில் மரம் கடைந்து பொருள் செய்யும் தச்சர், 1598இல் பிறந்து 1658இல் இறந்தவர். 50 நோட்டுப் புத்தகங்கள் எழுதியதாக அவரே பட்டியல் போட்டார். அதில் ஏழு கிடைத்திருக்கின்றன. இளவயதில் தான் தள்ளப்பட்டவன் என்ற பயத்தில் பலமுறை தற்கொலைக்கு முயன்றிருக்கிறார். தன் பாவங்களைத் தினமும் குறித்துவைத்தார், விடியும் முன்பே எழுந்து எழுதினார், ஜெபித்தார். பதற்றத்துக்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

ஆனால் வாலிங்டன் பணக்காரர் ஆகவில்லை. கடைசிவரை ஒரு சிறிய கடைக்காரராகவே இருந்தார், கணக்கு வழக்கில் தடுமாறினார், கடன் தொல்லை இருந்தது. அவருடைய நோட்டுப் புத்தகங்களை ஆராய்ந்த வரலாற்றாளர் பால் சீவர், வியாபார வெற்றியை அருளின் அடையாளமாக இவர் எங்கேயும் பார்க்கவில்லை என்று காட்டினார். நேர்மையாக விற்றோமா, யாரையாவது ஏமாற்றிவிட்டோமா, கடையில் செலவழித்த நேரம் ஜெபத்தைத் தின்றுவிட்டதா என்பதே அவர் கவலை. ஆக, இரண்டாவது கண்ணி உறுதி. அதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் இணைப்புதான் தளர்ந்திருக்கிறது. பதற்றம் ஒருவரைக் கணக்குப் புத்தகத்துக்கும் கொண்டுபோகலாம், இன்னொருவரை ஜெப அறைக்கும் கொண்டுபோகலாம். எது எப்போது நடக்கும் என்று வெபரின் வாதம் சொல்வதில்லை.

நான்காவது கண்ணியைத் தாக்கியவர்களில் ஹ்யூ ட்ரெவர்-ரோப்பரை விட்டுவிடக் கூடாது. 1960களில் அவர் செய்தது எளிமையான வேலை: பதினேழாம் நூற்றாண்டின் பெரிய கால்வினிய முதலாளிகள் யார் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தார். ஸ்வீடனின் இரும்பு, பீரங்கித் தொழிலைக் கட்டிய லூயி டெ கீர், லியேஜ் நகரத்தில் பிறந்தவர். கத்தோலிக்கப் பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைனுக்குப் படை நடத்தப் பணம் புரட்டிய ஹான்ஸ் டெ விட்டே, ஆன்ட்வெர்ப்பில் பிறந்து பிராகாவில் குடியேறிய கால்வினியர். இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் பெரும்பாலானவர்கள் குடிபெயர்ந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த ஊர்களோ கால்வினுக்கு முன்பே வியாபாரத்தில் பழுத்த ஊர்கள், ஃபிளாண்டர்ஸ், ஆக்ஸ்பர்க் போல. 1585இல் ஆன்ட்வெர்ப் ஸ்பானியர் கையில் விழுந்த பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் வடக்கே போனார்கள். ஆகவே கேள்வியையே திருப்பிப் போட வேண்டும் என்றார் அவர். கால்வினியம் முதலாளிகளைப் படைக்கவில்லை. புராட்டஸ்டன்ட் இயக்கத்தை எதிர்த்து எழுந்த கத்தோலிக்க எதிர்ச்சீர்திருத்த அரசுகள், கனத்த வரியோடும் அதிகாரிகள் கூட்டத்தோடும் மதக் கெடுபிடியோடும், இருந்த முதலாளிகளை விரட்டின.

எனக்கு மிகவும் பிடித்த விமர்சனம் இதுதான், ஏனென்றால் இது வெபரை மறுப்பதோடு நிற்காமல் அதே உண்மைகளுக்கு வேறு காரணம் தருகிறது. ஆனாலும் அதன் எல்லையைக் கவனியுங்கள். ட்ரெவர்-ரோப்பர் பேசுவது பெரும்புள்ளிகளை: ஆயுத வியாபாரிகள், அரசுக்குக் கடன் கொடுப்பவர்கள். வெபர் இவர்களை ஃபுக்கர் பக்கம்தான் சேர்ப்பார். அவர் கண் வைத்தது நடுத்தர நெசவுத் தொழில்காரர்மேல், அடியிலிருந்து ஏறி வந்தவர்மேல். இரண்டு பேரும் வேறு வேறு ஆட்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

புள்ளிவிவரத்தோடு வந்த பொருளியலாளர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாஷா பெக்கரும் லுட்கர் வோஸ்மனும் 2009இல் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரஷ்ய மாவட்டங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். புராட்டஸ்டன்ட் மாவட்டங்கள் செழிப்பாகத்தான் இருந்தன. ஆனால் எழுத்தறிவு வித்தியாசத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் எதுவும் பெரிதாக இல்லை. ஒவ்வொருவரும் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்று லூத்தர் சொன்னதால் பள்ளிகள் வந்தன, பள்ளிகளால் செழிப்பு வந்தது என்பது அவர்கள் முடிவு. டவிடே கன்டோனி 2015இல், 1300 முதல் 1900 வரை 272 ஜெர்மானிய நகரங்களின் மக்கள்தொகை வளர்ச்சியைப் பார்த்து, புராட்டஸ்டன்ட் ஆனதால் எந்த நகரமும் வேகமாக வளரவில்லை என்றார். இரண்டுமே கவனமான ஆய்வுகள். ஆனால் இந்த ஜெர்மானிய புராட்டஸ்டன்ட்டுகள் பெரும்பாலும் லூத்தரனியர்கள். லூத்தரனியம் மரபுவாதத்தை உடைக்கவில்லை என்று வெபரே சொல்லிவிட்டார். அதனால் இவை நீங்கள் வகுப்பில் கேட்ட அந்த வாக்கியத்தை வீழ்த்துகின்றன, வெபரின் வாதத்தைச் சாய்வாகத்தான் தொடுகின்றன. எழுத்தறிவு விளக்கம் மட்டும் விதிவிலக்கு. பதற்றம் எதுவும் தேவையில்லாத மாற்றுப் பாதை ஒன்றை அது காட்டுகிறது.

விமர்சகர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வெபர் தன் வாதத்துக்கு இன்னொரு காலையும் ஊன்றினார் என்பது பாடநூல்களில் அடிக்கடி விட்டுப்போகிறது. 1904இல் அமெரிக்கா போனபோது, வட கரோலினாவில் மவுண்ட் ஏரி அருகே உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். அங்கே ஒரு குளத்தில் பாப்டிஸ்ட் ஞானஸ்நானம் நடந்தது, நல்ல குளிரில். முங்கி எழுந்த ஒருவரைக் காட்டி உறவினர், இவர் இப்போது ஏன் சபையில் சேர்கிறார் தெரியுமா, ஊரில் வங்கி திறக்கப்போகிறார் என்றார். சபையில் சேர்க்கும் முன் ஒருவரின் நடத்தை, கடன், குடி, குடும்பம் எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். சேர்ந்துவிட்டால் அது ஊரறிந்த நற்சான்றிதழ். பாப்டிஸ்ட் அல்லாதவர்களும் அவரை நம்பிப் பணம் போடுவார்கள். தவறினால் வெளியேற்றுவார்கள். இந்த வாதத்தில் யாருடைய மனதுக்குள்ளும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. சகோதரர்களின் கண்காணிப்பும் நம்பிக்கைக்கு இருந்த சந்தை மதிப்பும் போதும். சபைப் பதிவேடுகளை வைத்துச் சோதிக்கவும் முடியும். முன்குறித்தல் வாதத்தைவிட இது எனக்கு வலுவாகப் படுகிறது. கெய்னின் வழக்கையும் இதுவே நன்றாக விளக்குகிறது, சபையின் கண் அவர்மேல் எப்போதும் இருந்ததால்.

மார்க்சியர்களோடான சண்டை பற்றிக் கட்டுரையில் ஒரு பத்தி போதும். வெபர் மார்க்சைத் தலைகீழாக்கினார் என்று எழுதிவிடாதீர்கள். பொருளாதாரம் மட்டுமே காரணம் என்ற ஒருபக்கப் பார்வையின் இடத்தில் மதம் மட்டுமே காரணம் என்ற இன்னொரு ஒருபக்கப் பார்வையை வைப்பது என் நோக்கமில்லை என்று நூலின் இறுதிப் பக்கத்திலேயே சொல்கிறார்.

நம் ஊரோடு தொடர்பு வேண்டுமானால் ஒன்று இருக்கிறது. இந்து மதம் இத்தகைய மனநிலைக்கு இடம் கொடுக்கவில்லை என்ற வெபரின் பிற்கால வாதத்தை மில்டன் சிங்கர் 1960களில் சென்னைத் தொழிலதிபர்களிடம் பேட்டி எடுத்துச் சோதித்தார். அவர்கள் வீட்டில் ஆசாரத்தையும் அலுவலகத்தில் தொழில் ஒழுங்கையும் தனித்தனி அறைகளாக வைத்துக்கொண்டு நிம்மதியாகவே இருந்ததைக் கண்டார். தொழிலுக்கு ஏற்ற ஒழுங்கு வர மத உலகமே உடைந்தாக வேண்டும் என்பதில்லை என்று இது காட்டுகிறது. ஆனால் இவர்கள் முதலாளித்துவம் ஏற்கெனவே நிலைபெற்ற பிறகு அதில் நுழைந்தவர்கள். ஓடுகிற இயந்திரத்துக்கு மத உந்துதல் தேவையில்லை என்பது வெபருக்கும் உடன்பாடுதான்.

கட்டுரைக்கு எந்த விமர்சகரை மையமாக வைப்பது என்றால், டாவ்னியோடு கார்டன் மார்ஷலைச் சேர்த்துப் படியுங்கள். 1980இல் ஸ்காட்லாந்தை எடுத்துக்கொண்டவர் அவர். ஸ்காட்லாந்து தீவிரக் கால்வினிய நாடு, பொருளாதாரத்திலோ நெடுங்காலம் பின்தங்கியது. வெபருக்கு எதிரான கச்சிதமான உதாரணமாகப் பலரும் அதைக் காட்டிவந்தார்கள். மார்ஷல் ஹாடிங்டன் அருகே 1681இல் தொடங்கிய நியூமில்ஸ் துணி ஆலையின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். வெபர் சொன்ன அதே கறாரான ஒழுங்கு, கணக்கு, நேர உணர்வு அங்கே இருந்தன. இல்லாதது மூலதனமும் சந்தையும் சாதகமான அரசுக் கொள்கையும். மனநிலை இருந்தும் தொழில் தழைக்கவில்லை. மனநிலையையும் விளைவையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று சொல்லி, முதலாளிகள், தொழிலாளிகள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பதற்கு வெபரும் ஆதாரம் தரவில்லை, அவரை மறுத்தவர்களில் பலரும் தரவில்லை என்று அவர் இரண்டு தரப்பையும் குறை சொன்னார். உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் மார்ஷல் கிடைக்காவிட்டால், டாவ்னியின் நூலில் பியூரிட்டன் இயக்கம் பற்றிய அத்தியாயத்தையும் வெபரின் 1920 அடிக்குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இருவரும் பாக்ஸ்டரின் எந்தெந்த வரிகளை எடுக்கிறார்கள், எவற்றை விடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே போனால் கட்டுரைக்கான வாதம் அங்கேயே கிடைத்துவிடும்.